எடிட்டர் வெட்டச் சொன்ன பகுதியை வைத்துக்கொள்ள: மறுப்புக் கடிதம் எழுதும் முறை

கையெழுத்துப் பிரதி எடிட்டரிடமிருந்து திரும்பி வரும்போது அதில் பல விதமான குறிப்புகள் இருக்கும். எழுத்துப்பிழை, வாக்கியச் சிக்கல், தேதிக் குழப்பம் இதெல்லாம் பெரும்பாலும் வாதமில்லாமல் முடிந்துவிடும். ஒரு அத்தியாயத்தின் நடுவே சில பக்கங்களை மொத்தமாக அடித்து, "இது இல்லாமலே கதை ஓடும்" என்று எழுதியிருந்தால் அது வேறு சங்கதி. அதை ஏற்க மனம் வரவில்லை என்றால் ஒரு கடிதம் எழுத வேண்டும். உறவு கெடக்கூடாது, பக்கமும் போகக்கூடாது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு வெட்டை எடுத்துக்கொண்டு போகிறது. என் நாவல் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், 1960களில் நடக்கிறது. நான் இருப்பதும் இதே ஊரில்தான். எடிட்டர் கோலாலம்பூரில் இருக்கிறார், என்னைவிட மூத்தவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான்காம் அத்தியாயத்தில் பால் ஸ்டோரில் கிராணி பால் நிறுத்துக் கணக்கு எழுதும் காட்சி, அச்சில் 58 முதல் 61 வரை நான்கு பக்கம். அதை முழுக்க எடுத்துவிடலாம் என்பது அக்காவின் யோசனை. ஓரத்துக் குறிப்பு: "கதை நிற்கிறது. தொழில் விவரம் அதிகம்."

முதலில்: எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

மறுப்பதற்குச் சரியான நேரம், பிரதி இன்னும் வேர்ட் கோப்பாக இருக்கும்போது. பக்கம் கட்டி முடித்து ப்ரூஃப் வந்த பிறகு, எடுத்த பகுதியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னால் அதற்குப் பின் வரும் பக்க எண்கள் எல்லாம் நகரும், உள்ளடக்கப் பக்கம் மாறும், கட்டியவருக்கு மறுபடி கூலி. அந்தக் கட்டத்தில் எடிட்டர் உங்களோடு ஒத்துப்போனாலும் பதிப்பகம் ஒத்துப்போகாது. ஆகவே குறிப்பு வந்த வாரத்திலேயே "நான்காம் அத்தியாயத்து வெட்டைப் பற்றி மட்டும் யோசித்துவிட்டு எழுதுகிறேன், அதுவரை அந்தப் பகுதியைத் தொட வேண்டாம்" என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். பதில் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

இன்னொன்றும் செய்யக்கூடாது. கோப்பில் `Track Changes` போட்டு எடிட்டர் அடித்திருப்பார். அதில் சத்தமில்லாமல் `Reject` அழுத்திவிட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. எடிட்டர் அதைக் கவனிக்காமல் விட்டால் புத்தகத்தில் நுழைந்துவிடும் என்பது கணக்கு. அவர் கண்டுபிடித்துவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் கோப்பை வரி வரியாகச் சந்தேகப்பட்டுப் படிப்பார்.

வெட்டுக்கு உண்மையான காரணம் என்ன என்று கேளுங்கள்

ஓரத்தில் எழுதியிருப்பது பாதிக் காரணமாக இருக்கலாம். வேகம் குறைகிறது, முன்பே சொன்னது திரும்ப வருகிறது, பக்கம் அதிகமாகிவிட்டது, யாராவது வழக்குப் போடுவார்களோ என்று பயம்: இப்படி ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. பக்கக் கணக்குப் பிரச்சினைக்கு நீங்கள் இலக்கியக் காரணம் எழுதினால் இரண்டு பேரும் வெவ்வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

இதைக் கடிதத்தில் கேட்பதைவிட ஃபோனில் கேட்பது நல்லது. நான் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, இந்த நாலு பக்கம் படிக்கும்போது உங்களுக்குச் சலிப்பா இருந்துச்சா, இல்ல பக்கம் கூடுதுன்னு எடுக்கச் சொல்றீங்களா?" இரண்டும்தான் என்றார். சலிப்பு வந்தது 59, 60ஆம் பக்கங்களில். அதோடு புத்தகம் 212 பக்கம் வருகிறது, 208ல் முடிக்க வேண்டும்.

இந்த 208 சும்மா வந்த எண் இல்லை. ஆஃப்செட் அச்சில் பெரிய தாளை மடித்து வெட்டும்போது பெரும்பாலும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரமாக வரும். பதின்மூன்று ஃபாரம் 208 பக்கம். 212 என்றால் பதினான்காவது ஃபாரம் வேண்டும், அதில் நான்கு பக்கம் அச்சாகிப் பன்னிரண்டு பக்கம் வெற்றாகப் போகும். எட்டுப் பக்கத்தில் அரை ஃபாரம் போடலாம், ஆனால் அதற்கும் தனிச் செலவு உண்டு. என் பகுதி சரியாக நான்கு பக்கம், அக்காவுக்கு வேண்டியதும் நான்கு பக்கம். யார் இருந்தாலும் கை அங்கேதான் போயிருக்கும். குறைந்த பிரதிகளை டிஜிட்டலில் அடிக்கிற பதிப்பகமாக இருந்தால் இந்தக் கணக்கு அவ்வளவு இறுக்கமாக இருக்காது. அதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பகுதியை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

இதுதான் முழு வேலையின் நடு. கோப்பின் நகல் ஒன்றில் அந்தப் பகுதியை உண்மையிலேயே அழித்துவிட்டு, அதற்கு முந்தின பக்கத்திலிருந்து நாவலின் கடைசி வரை படியுங்கள். மனதுக்குள் "எடுத்தால் கெட்டுப்போகும்" என்று நினைப்பது கணக்கில் வராது. எந்தப் பக்கத்தில், எந்த வரி புரியாமல் போகிறது என்று குறிக்க வேண்டும். அந்தக் குறிப்புதான் பிறகு கடிதத்தில் காரணமாகும். குறிக்க ஒன்றுமே கிடைக்காவிட்டால் எடிட்டர் சொன்னது சரி, கடிதம் தேவையில்லை.

என் பகுதியில் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் சோதனை விளங்கும். பால் வெட்டுகிறவர்கள் காண்டாவில் வாளிகளைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வருகிறார்கள். பாலை நிறுத்தால் மட்டும் போதாது. பாலில் பெரும்பகுதி தண்ணீர், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அது நாளுக்கு நாள், மரத்துக்கு மரம் மாறும். அதனால் கிராணி ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியை அதில் மிதக்க விடுகிறார். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. எனவே ரப்பர் அதிகமுள்ள பாலில் கருவி ஆழமாக இறங்கும், தண்ணீர்ப் பாலில் மேலே நிற்கும். எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக் காய்ந்த ரப்பர் எத்தனை ராத்தல் என்று எழுதுகிறார். ஆனால் பாலின் மேல் நுரை கட்டியிருக்கும். அதை ஒதுக்கினால்தான் கோடு தெரியும். ஒதுக்காமல் பார்த்தால், படிக்கிறவர் வாயில் வருவதுதான் கணக்கு. நான்காம் அத்தியாயத்தில் கிராணி ஒவ்வொரு முறையும் நுரையை விரலால் தள்ளிவிட்டுப் படிக்கிறார். அம்மாவோடு வந்த சிறுமி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பகுதியை அழித்துவிட்டுப் படித்தபோது மூன்று இடம் உடைந்தது. பதினோராம் அத்தியாயத்தில் புதுக் கிராணி வந்தபின் அம்மாவின் கணக்கு குறைகிறது. வளர்ந்த மகள் அவரிடம், "நுரைய ஒதுக்காமப் பாத்தீங்களே, ஐயா?" என்று கேட்கிறாள். கதையின் திருப்பம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. மெட்ரோலாக் தெரியாத வாசகருக்கு அது வெறும் வார்த்தை. பன்னிரண்டில் தண்டல் அவளை அடக்குவதற்குக் காரணம் தெரியாது. பதினான்கில் அம்மா, "நீ சின்னப் பிள்ளையிலேயே அத பாத்துக்கிட்டு நிப்பியே" என்பதற்கு முன்னால் ஒன்றும் நடந்திருக்காது.

உடையாத இடங்களையும் குறித்துக்கொண்டேன். விடிகாலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பதும், வாளி கழுவும் இடத்துப் பேச்சும் போனதில் எந்தச் சேதமும் இல்லை. அவை இரண்டும் 59, 60ஆம் பக்கங்களில்தான் இருந்தன. அக்காவுக்குச் சலித்த அதே பக்கங்கள்.

இந்தச் சோதனைக்கு வெளியாள் ஒருவரும் வேண்டும். யாரைக் கேட்பது என்பதில் கவனம் தேவை. எங்கள் ஊரில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களிடம் கொடுத்தால் பெரட்டு, காண்டா, மங்கு என்று எதைப் படித்தாலும் முகம் மலர்ந்துவிடும். ஒரு வரியையும் எடுக்க விடமாட்டார்கள். அவர்கள் தகவல் சரிபார்க்க நல்லவர்கள், வெட்டு விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல ஆகமாட்டார்கள். தாமானில் பிறந்து வளர்ந்த, பால் மரத்தடியில் நின்றே இராத ஒரு பிள்ளையிடம் பகுதி இல்லாத பிரதியைக் கொடுத்து, பதினோராம் அத்தியாயத்தில் அந்தக் கேள்வி என்ன என்று மட்டும் கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில்: "என்ன நுரை? சோப்பு நுரையா?"

கொடுக்க எதையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்

எடிட்டருக்கு நான்கு பக்கம் வேண்டும். வேண்டாம் என்று மட்டும் எழுதினால் அந்த நான்கு பக்கத்தைத் தேடும் வேலை அவர் தலையில் விழும். நீங்களே தேடிக் கொடுத்தால் மறுப்பு பாதி லேசாகிவிடும்.

பக்கம் குறைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்கினால், அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள். ஏழு வரிதான் இருக்கிறது என்றால், அந்த அத்தியாயத்தில் எங்கிருந்தாவது ஏழு வரி எடுத்தாலே ஒரு முழுப் பக்கம் மிச்சம். கடைசிப் பக்கம் நிரம்பி இருந்தால் பதினைந்து வரி எடுத்தும் ஒன்றும் மிச்சமாகாது. எல்லா அத்தியாயமும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று பதிப்பகம் வைத்திருந்தால் கணக்கு இரண்டு இரண்டு பக்கமாக நகரும்.

எனக்குக் கிடைத்தது இப்படி. ஆறாம் அத்தியாயத்தில், 1960ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கிய கதை. அதையும் அக்கா எடுக்கச் சொல்லியிருந்தார். எடுத்துப் பார்த்தேன், ஒரு வரியும் உடையவில்லை. சுங்கை சிப்புட்காரனுக்கு அதை விட மனம் வராது, ஆனால் அந்த வரலாறு கதையில் யார் கையையும் அசைக்கவில்லை. கொடுத்துவிட்டேன். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு கனவு, அதன் கடைசிப் பக்கத்தில் ஒன்பது வரி. கனவைச் சுருக்கினால் ஒரு பக்கம். பால் ஸ்டோர் பகுதியிலேயே பெரட்டையும் வாளிப் பேச்சையும் எடுத்தால் ஒரு பக்கம். ஆக நான்கு.

கடிதம்

வாட்ஸ்அப்பில் வேண்டாம். அங்கே "சரிக்கா, ஆனா அத மட்டும் விட்ருங்களேன்" என்று போய்விடும், பிறகு தேடினால் கிடைக்காது. மின்னஞ்சலில், பொருள் வரியில் அத்தியாயமும் பக்கமும் தெரியும்படி அனுப்புங்கள். ஒரு திரைக்குள் முடிய வேண்டும். பதிப்பாளருக்கு நகல் போடாதீர்கள், அது எடிட்டரைத் தாண்டிப் புகார் செய்வதாகத்தான் படும். நான் அனுப்பியது இது:

> பொருள்: நான்காம் அத்தியாயம், பக். 58–61
>
> அன்புள்ள அக்கா,
>
> வணக்கம். குறிப்புகள் எல்லாம் பார்த்து முடித்தேன். ஆறாம் அத்தியாயத்தில் கூட்டுறவுச் சங்க வரலாற்றை எடுக்கச் சொன்னது சரி. எடுத்த பிறகு, பங்குப் பணம் கட்ட அப்பா தயங்கும் காட்சி தடையில்லாமல் வருகிறது.
>
> நான்காம் அத்தியாயத்தில் பால் நிறுக்கும் காட்சியை மட்டும் நீக்காமல் வைத்துக்கொள்கிறேன்.
>
> பதினோராம் அத்தியாயத்தில் மகள் கிராணியிடம் கேட்கும் கேள்வி, நுரையை ஒதுக்கினால்தான் மெட்ரோலாக்கைப் படிக்க முடியும் என்று வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் புரியும். பகுதியை எடுத்துவிட்டு, தோட்டம் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். கேள்வி அவருக்குப் பிடிபடவில்லை. விளக்கத்தைப் பதினொன்றிலேயே வைத்துப் பார்த்தேன். சண்டை நடக்கும்போது பாடம் எடுப்பதுபோல் ஆகிறது. பன்னிரண்டு, பதினான்கு அத்தியாயங்களிலும் இதை நம்பி நிற்கும் இடங்கள் உண்டு.
>
> அங்கே கதை நிற்கிறது என்று நீங்கள் சொன்னது உண்மை. 59, 60ல் பெரட்டையும் வாளி கழுவும் இடத்துப் பேச்சையும் எடுத்துவிட்டேன். நான்கு பக்கம் மூன்றாகிறது. எட்டாம் அத்தியாயத்துக் கனவைச் சுருக்கியதில் இன்னொரு பக்கம். ஆறாம் அத்தியாயத்து இரண்டையும் சேர்த்தால் 208க்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.
>
> திருத்திய மூன்று அத்தியாயங்களையும் இணைத்திருக்கிறேன். புதிய வடிவத்திலும் எங்காவது இழுக்கிறது என்றால் அந்த வரியைக் குறித்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.
>
> அன்புடன்,
> (பெயர்)

கடிதத்தில் கவனிக்க வேண்டியவை

நன்றி பொதுவாக இல்லை. ஏற்றுக்கொண்ட ஒரு திருத்தத்தைப் பெயர் சொல்லி, அதனால் என்ன நல்லது நடந்தது என்று எழுதியிருக்கிறது. "உங்கள் மேலான ஆலோசனைகளுக்கு நெஞ்சார்ந்த நன்றி" என்று தொடங்கினால், அடுத்து ஒரு "ஆனால்" வருகிறது என்று எந்த எடிட்டருக்கும் தெரியும்.

மறுப்பு ஒரே வாக்கியம், தனிப் பத்தி. மரியாதைக்காக அதை வளைக்கத் தேவையில்லை. "கொஞ்சம் யோசிக்கலாமா", "முடிந்தால் வைத்துக்கொள்ளலாமே" என்று எழுதினால் எடிட்டர் யோசிப்பார், பிறகு முடியாது என்று சொல்லுவார். நீங்கள்தான் கேள்வியாக விட்டுவிட்டீர்கள். மரியாதை அக்கா என்ற விளியிலும், அவர் சொன்னதில் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்வதிலும் வந்துவிடுகிறது.

காரணம் புத்தகத்துக்குள் இருந்து வருகிறது. தோட்டத்து எழுத்தில் நம்மவர்கள் மிகவும் நம்பும் இரண்டு காரணங்கள் இங்கே செல்லாது. ஒன்று, "இது உண்மையில் நடந்தது". நடந்தது என்பதால் ஒரு பக்கம் நாவலில் இருக்க உரிமை பெறாது. இன்னொன்று, "இந்த வாழ்க்கையைப் பதிவு செய்யாவிட்டால் அழிந்துவிடும்". இதை நானும் நம்புகிறேன். ஆனால் அதற்குக் கட்டுரைத் தொகுப்பு இருக்கிறது என்று எடிட்டர் பதில் சொன்னால் வாய் அடைத்துவிடும். அதைவிட மோசமானது, நகரத்து எடிட்டருக்குத் தோட்டம் புரியாது என்று மறைமுகமாகக் குத்துவது. அக்காவே பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்.

எடிட்டர் அடுத்துச் சொல்லக்கூடிய மாற்று யோசனையை முன்பே செய்து பார்த்து எழுதியதும் உதவியது. விளக்கத்தைப் பதினொன்றுக்கு நகர்த்தலாமே என்பதுதான் யாருக்கும் தோன்றும் அடுத்த யோசனை. உண்மையாகவே செய்து பார்க்காமல் "செய்து பார்த்தேன்" என்று எழுதாதீர்கள். அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன் என்று கேட்டுவிடுவார்.

சட்டத்தைக் கடிதத்தில் இழுக்க வேண்டாம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 25ஆம் பிரிவு ஆசிரியரின் தார்மீக உரிமையைச் சொல்கிறது. படைப்பை வெகுவாக மாற்றி, ஆசிரியரின் மதிப்புக்கோ பெயருக்கோ கேடு வரும்படி சிதைப்பதற்கு எதிரான உரிமை அது. நான்கு பக்கத்தை எடுக்கலாமா என்று கேட்பது அந்த வகையில் வராது. ஒப்பந்தத்தில் "ஆசிரியரின் சம்மதமின்றிப் பெரிய மாற்றம் செய்யப்படாது" என்ற மாதிரி ஒரு விதி இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முற்றினால்தான் அது தேவைப்படும்.

பதில் வந்த பிறகு

மூன்று விதமாக வரலாம். சரி என்று வந்தால் வேலை முடிந்தது. "மூன்று பக்கமும் அதிகம், ஒன்றரை போதும்" என்று வந்தால், அது புதிய யோசனை. திரும்பவும் எடுத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும். எனக்கு வந்தது இதுதான். மெட்ரோலாக் மிதக்கும் விதத்தை இரண்டு முறை சொல்லியிருந்ததை அக்கா கண்டுபிடித்தார். ஒன்றை எடுத்தேன், இரண்டரைப் பக்கத்தில் நின்றது. அதற்குக் கீழே போனால் சிறுமி பார்த்துக்கொண்டு நிற்கும் இடம் போய்விடும் என்று எழுதினேன், ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது, காரணம் சொல்லாமல் "எடுத்தே ஆக வேண்டும்" என்று வருவது. இரண்டாவது நீண்ட கடிதம் எழுதாதீர்கள். நேரில் அல்லது ஃபோனில் பேசுங்கள், பேசி முடிவானதை அன்றே நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் பதிப்பாளரிடம் போகலாம், ஆனால் போகப்போகிறேன் என்று எடிட்டரிடம் முதலில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சம்மதம் கிடைத்ததும் கோப்பில் அந்தப் பகுதியின் முதல் வரியருகே "பேசி முடிவானது, அப்படியே இருக்கட்டும்" என்று ஒரு குறிப்புப் போடுங்கள். உங்கள் எடிட்டருக்குப் பிறகு மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் வருவார், அவருக்கு இந்தக் கடிதப் போக்குவரத்து எதுவும் தெரியாது. கோப்பின் பெயரிலும் குழப்பம் வரும். பழைய வெட்டுள்ள பிரதி ஒன்று யாருடைய கணினியிலாவது இருக்கும், பக்கம் கட்டுகிறவர் அதை எடுத்துவிட வாய்ப்பு உண்டு. ப்ரூஃப் வந்ததும் எழுத்துப்பிழை பார்ப்பதற்கு முன் மூன்று இடத்தைத் திறந்து பாருங்கள்: வைத்துக்கொண்ட பகுதி இருக்கிறதா, கொடுத்த பகுதி உண்மையில் போயிருக்கிறதா, கடைசிப் பக்க எண் 208ஐத் தாண்டாமல் இருக்கிறதா.